லாரியில் வந்த சாமான் உடைந்ததா? 180 நாளுக்குள் கடிதம் போக வேண்டும்

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஏற்றி வந்த சாமான் உடைந்தால், சூப்பர்வைசர் போனில் “பாத்துக்கலாம் சார்” என்பார். அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால் வழக்குப் போடும் உரிமையே போய்விடலாம். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன் 16-ஆம் பிரிவுப்படி, வழக்குக்கு முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். அதுவும் சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் நாளிலிருந்து.

ஒரு கணக்குப் பார்ப்போம். மதுரையிலிருந்து சென்னைக்கு 2026 ஜனவரி 5-இல் புக்கிங், வாடகை 18,000 ரூபாய். 8-ஆம் தேதி சாமான் வந்தது. டிவி திரையில் விரிசல், பீரோ கண்ணாடி தூள். நோட்டீஸ் ஜூலை 4-க்குள் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

இறக்கும்போதே பேக்கிங் லிஸ்ட்டை எடுத்துச் சரிபாருங்கள். “வரிசை எண் 14, டிவி, திரை உடைந்துள்ளது” என்று டெலிவரி காப்பியில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்ற அச்சடித்த வரிக்குக் கீழே வெறும் கையெழுத்துப் போடுவதுதான் பின்னால் பெரிய தலைவலி. போட்டோவில் உடைந்த இடம் மட்டும் போதாது. அட்டைப்பெட்டியின் எண், டிவியின் சீரியல் எண் இரண்டும் தெரியட்டும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடிதம் இவ்வளவு எளிமையாக இருந்தால் போதும். இதில் எல்.ஆர். என்பது லாரி ரசீது:

“ஐயா, 05.01.2026 தேதியிட்ட எல்.ஆர். மூலம் அனுப்பிய சாமான்களில், இணைப்பு லிஸ்ட்டின் வரிசை எண் 14, 22 ஆகியவை 08.01.2026 அன்று உடைந்த நிலையில் வந்தன. பழுது மதிப்பீடு 21,500 ரூபாய். இத்தொகையை 15 நாளில் தரவும். இது 16-ஆம் பிரிவின்படியான நோட்டீஸ்.”

எல்.ஆர். எண்ணையும் குறிப்பிடுங்கள். லிஸ்ட், போட்டோ, சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலிலும் போடுங்கள். மூன்று வருஷம் ஓடிய டிவிக்குப் புது டிவி விலையைக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எஸ்டிமேட் தொகையைக் கேளுங்கள்.

கம்பெனியின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாதவர்களுக்கு வாடகையைப் போல் பத்து மடங்கு, இங்கே 1,80,000 ரூபாய். அதுவும் புக்கிங் படிவத்தில் எழுதிய சாமான் மதிப்பைத் தாண்டாது. “சும்மா பத்தாயிரம்னு போடுங்க சார்” என்று ஊழியர் சொல்லி நீங்களும் எழுதியிருந்தால், 21,500-க்குப் பதில் பத்தாயிரம்தான். இன்ஷூரன்ஸ் என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தால் பாலிசி எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் பெரும்பாலும் பாலிசியே எடுத்திருக்க மாட்டார்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் போன் செய்து புகார் சொல்லலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள். கொடுத்த வாடகை 5 லட்சத்துக்கு மேல் போகாதவரை வழக்குக் கட்டணம் கிடையாது.