கடும்பு, சீம்பால்: ஒரு மாட்டின் முதல் பாலுக்கு இரண்டு பெயர்

தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டுப் பசு கண்டு போட்டால், அன்று பின்னேரமே ஆள்விட்டுச் சொல்லுவா: "கடும்பு இருக்கு, ஏனம் கொண்டு வா." அந்த ஏனத்தில் எங்களுக்குக் கிடைப்பது சில நாள் பாலாக இருக்கும், சில நாள் அவித்து இறுகிய பண்டமாக இருக்கும். இரண்டுக்கும் அவ வாயில் ஒரே சொல்தான்.

கடும்பு என்ற சொல்லைச் சங்கப் பாட்டிலும் காணலாம். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் 'கடும்பின் கடும்பசி' என்கிறார். அங்கே அதன் பொருள் சுற்றத்தார், உறவினர். பாலைக் குறிக்கும் கடும்பை அதோடு குழப்பக்கூடாது. 'கடு' என்ற அடிக்கு மிகுதி, வன்மை என்ற பொருள்கள் உண்டு. சூடு பட்டதும் இறுகிப்போகும் பாலுக்கு இந்த அடி நன்றாகவே பொருந்துகிறது என்பது என் எண்ணம். தெலுங்கர் இதை ஜுன்னு என்பார்கள், கன்னடர் கிண்ணு என்பார்கள். வடமொழியில் பீயூஷம். அமுதத்துக்கும் அங்கே அதே பெயர்தான்.

ஆஸ்பத்திரியில் 'கொலஸ்ட்ரம்' என்று சொல்வது லத்தீனிலிருந்து வந்த சொல். அதற்கு நேரான தமிழ் சீம்பால். பிள்ளை பெற்ற தாயின் முதல் பாலுக்கும் பசுவின் முதல் பாலுக்கும் அது பொதுவாக நிற்கும். ஆகவே கறந்தபடி இருப்பதைச் சீம்பால் என்றும், அவித்து எடுத்ததைக் கடும்பு என்றும் பிரித்து எழுதுவது தெளிவு என்று நினைக்கிறேன். பேச்சில் அம்மம்மா சொன்னபடியே இருக்கட்டும்.

முதல் கறவையைக் கையில் தொட்டுப் பார்த்தால் விரலில் பாணிபோல ஒட்டும். சாதாரணப் பசுப்பாலில் புரதம் நூற்றுக்கு 3 பங்கு அளவில் இருக்கும், முதல் கறவையில் 14 பங்கு வரை இருக்கும். அதில் கணிசமான பங்கு நோயை எதிர்க்கும் புரதம். மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே அது கொஞ்சம் கிடைத்துவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது, அதனால் கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தப் புரதத்தை முழுசாக இரத்தத்துக்குள் எடுக்கும் வழி கன்றின் குடலில் முதல் நாள் மட்டும் திறந்திருக்கும், அதுவும் மணிக்கு மணி குறையும். 15 கிலோ எடையுள்ள நாட்டுக் கன்று முதல் சில மணி நேரத்துக்குள் 1½ லீற்றர் குடித்தாக வேண்டும். "முதல்ல கண்டு குடிக்கட்டுமடா, மிஞ்சினதுதான் எங்களுக்கு" என்று அம்மம்மா செம்பை எடுக்க விடமாட்டா.

மஞ்சள் நிறம் புல்லிலிருந்து வருவது. பச்சைப் புல்லிலுள்ள கரோட்டின் பாலின் கொழுப்போடு சேர்ந்து வருகிறது. மாரியில் நல்ல மேய்ச்சல் கிடைத்த பசுவின் சீம்பால் மஞ்சள் கூடியதாக இருக்கும், வைக்கோல் தின்றதினது வெளிறியிருக்கும். எருமை கரோட்டினை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பாலில் அந்த மஞ்சள் தங்காது. சிவப்புக் கலந்தோ கட்டி கட்டியாகவோ வந்தால் அதைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. கட்டி வந்தால் மடியில் நோய் இருக்கும்.

நான் முதன்முறை சமைத்தபோது பாலைப்போல அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அடியில் பிடித்து, மேலே மஞ்சள் திரளும் கீழே தெளிந்த நீருமாகப் பிரிந்துபோனது. அந்தப் புரதம் முட்டை வெள்ளையைப்போல, சூட்டில் தானே உறையும். சூடு மெதுவாக ஏற வேண்டும், ஆகவே ஆவியில்தான் அவிக்க வேண்டும்.

முதல் கறவை ஒரு கப் என்றால், ஆறவைத்த சாதாரணப் பால் இரண்டு கப் சேர்க்கலாம். மறுநாள் பாலில் புரதம் குறைந்திருக்கும், அதற்கு ஒன்றுக்கு ஒன்று போதும். எல்லாப் பசுவும் ஒரே மாதிரி இல்லையென்பதால் முதலில் ஒரு கரண்டியை மட்டும் சின்னக் கிண்ணத்தில் அவித்துப் பாருங்கள். ரப்பர்போல இழுத்தால் பால் கூட்டுங்கள், உறையாமல் தளதளத்தால் சீம்பால் கூட்டுங்கள். சர்க்கரையைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடித்து, ஆறிய பிறகே கலக்க வேண்டும். ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. பாத்திரத்தைத் துணியால் கட்டி மூடினால் ஆவிநீர் மேலே சொட்டிக் குழி விழாது. மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் கழித்து நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுங்கள். ஈர்க்கில் பால் ஒட்டாவிட்டால் இறக்கலாம். நெருப்புக் கூடினால் உள்ளே துளைதுளையாகி, வெட்டும்போது தண்ணீர் கசியும்.

கன்றுக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி எங்களுக்கும் கடும்பில் கிடைக்கும் என்று ஊரில் சொல்வதுண்டு. அவிக்கும் சூட்டில் அந்தப் புரதத்தின் உருவம் குலைந்துவிடும். எங்களுக்குக் கிடைப்பது நல்ல சாப்பாடு மட்டும்தான். அதற்காகப் பச்சையாகக் குடிக்கவும் வேண்டாம், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப் பாலில் இருக்கலாம்.