மழைக்கு முன்னால் வரும் காற்று

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கத்துக் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிறேன். பாரந்தூக்கியை எப்போது நிறுத்துவது என்பது என் பொறுப்பு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நான் விடியற்காலையில் எழுந்ததும் ரேடார் படத்தைத்தான் திறக்கிறேன். சுமத்ரா சூறைக்காற்று வரும் பருவம் அது. இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன்போ பின்போ நம் கரையைத் தொடும்.

பலர் முதலில் பார்ப்பது துணைக்கோள் படம். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் தீவு முழுவதும் பளீரென்று வெண்மையாகத் தெரிந்ததால் அரை நாள் வேலையை நிறுத்தினேன். ஒரு துளிகூட விழவில்லை. விடியலுக்கு முன் நமக்குக் கிடைப்பது அகச்சிவப்புப் படம்தான். அது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும். உச்சி குளிரக் குளிரப் படத்தில் வெண்மை கூடும். முந்தைய இரவே மழையைக் கொட்டித் தீர்த்த இடிமேகத்தின் மேல்பரப்பு, உயரத்தில் மெல்லிய போர்வையாகப் பரவி மணிக்கணக்கில் நிற்கும். அதுவும் வெண்மையாகவே தெரியும். ஒற்றைப் படத்தை நம்பாமல் ஓட்டிப் பாருங்கள். ஜப்பானின் ஹிமாவாரி-9 துணைக்கோள் பத்து நிமிடங்களுக்கு ஒரு படம் தருகிறது. வெண்மை பெருகி, ஓரம் கூர்மையாக இருந்தால் மேகம் வளர்கிறது. ஓரம் கலைந்து சாம்பல் நிறமானால் அது ஓய்ந்துவிட்டது.

மழை எங்கே பெய்கிறது என்பதற்கு ரேடார்தான் சாட்சி. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் அதை யாரும் பார்க்கலாம். சூறைக்காற்றின் உருவம் ஒருமுறை பழகினால் மறக்காது: முன்னால் கனமழையைக் காட்டும் மஞ்சளும் சிவப்புமாக ஒடுங்கிய கோடு, பின்னால் லேசான மழையைக் காட்டும் அகன்ற பச்சை. கோடு வில்லாக வளைந்து முன்தள்ளியிருந்தால், வளைவின் நடுப்பகுதி கடக்கும் இடத்தில்தான் காற்று மிகக் கடுமையாக வீசக்கூடும்.

ஒரு காலைக் கணக்கைச் சொல்கிறேன். 5:40 மணிப் படத்தில் கோட்டின் முன்விளிம்பு எங்கள் தளத்திலிருந்து 110 கிலோமீட்டர் மேற்கே இருந்தது. 6:10 மணிப் படத்தில் 88 கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் 22 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 44. மீதமுள்ள 88 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரம். மழை 8:10க்கு வரும்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் பரவி, மழைக்கு முன்னால் ஓடிவரும். அந்த முன்னோட்டத்தைத் துணைக்கோள் பெரும்பாலும் காட்டாது. ரேடாரிலும் சில நேரம் மெல்லிய நூலாக மட்டுமே தெரியும். அதனால் மழைக்கோட்டுக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் முன்னால் காற்று வருவதாக வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைய வேகத்தில் அது 7:40 முதல் 7:55 வரை என்று ஆனது. சுமையை இறக்கி, கொக்கியை உயர்த்தி, பாரந்தூக்கியின் கை காற்றோடு தானாகத் திரும்பும்படி சுழற்சித் தடையை விடுவித்து, இயக்குநர் ஏணியில் இறங்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும்.

"மேலே வானம் தெளிவாகத்தானே இருக்கிறது சார், ஏறட்டுமா?" என்று 7:20க்கு இயக்குநர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி, மேற்கே பாருங்கள்" என்றேன். கடலுக்கு மேல் தாழ்ந்த கருஞ்சுவர் ஒன்று எழுந்திருந்தது. 7:50க்குக் காற்று அடித்தது. தகரத் தடுப்புகள் அதிர்ந்தன. மழை பெய்யத் தொடங்கும்போது மணி 8:05.

இரண்டு எச்சரிக்கைகள். சில படங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 22:00 என்றால் நமக்கு மறுநாள் காலை 6 மணி. அதை நேற்றிரவுப் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்தது, தொலைவு. ரேடாரின் கதிர் போகப் போக உயர்ந்துவிடும். தாழ்ந்த கோணத்தில் அனுப்பினாலும் 200 கிலோமீட்டரில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே பச்சையாகத் தெரிவது, கீழே அதைவிடக் கடுமையாக இருக்கலாம். மாறாக, அடுத்தடுத்த படங்களில் துளியும் நகராத புள்ளிகள் பெரும்பாலும் மழை அல்ல, மலையோ கடலோ தரும் எதிரொலி.

கோடு நகராமல் நின்றால் வேறு கவலை. ஒரே ஊரின் மேல் மழைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், அது வெள்ளத்துக்கான படம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை.

நான் கணக்குச் சொன்ன அந்தக் காலையில் சிவப்புக் கோடு கடந்ததும் காற்று அடங்கியது. இயக்குநர் மீண்டும் ஏணியருகே போனார். ரேடாரில் பின்னாலிருந்த பச்சைப் பகுதி இன்னும் எங்கள் மேல்தான் இருந்தது. அதற்குள்ளும் மின்னல் வெட்டும். பச்சையின் பின்விளிம்பு தீவைத் தாண்டிய பிறகே, 9:40க்கு, அவரை ஏறச் சொன்னேன்.