ஆடிய சந்தை உடனே அடங்குவதில்லை

ரிஸ்க் அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். 'நூற்றில் 99 நாள் நஷ்டம் இதைத் தாண்டாது' என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். 250 வணிக நாட்களில் இரண்டு மூன்று முறை தாண்டலாம். மூன்று முறைதான் தாண்டியும் இருக்கும். தேதியைப் பார்த்தால் மூன்றும் ஒரே வாரம்!

விலை நாளைக்கு ஏறுமா இறங்குமா என்பதை இன்றைய ரிட்டர்ன், அதாவது இன்று விலை மாறிய சதவீதம், சொல்லாது. எவ்வளவு ஆடும் என்பதை மட்டும் ஓரளவு சொல்லிவிடும். தினசரி ரிட்டர்னை முந்தைய நாளோடு ஒப்பிட்டால் தொடர்பு ஏறக்குறைய பூஜ்யம். அதையே வர்க்கப்படுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள், தொடர்பு வாரக்கணக்கில் நீளும். பெரிய அசைவுக்குப் பின் பெரிய அசைவு கொத்தாக வருகிறது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. கணிதவியலாளர் மாண்டெல்பிராட் 1963லேயே இதைக் குறிப்பிட்டார். 1982இல் பொருளியலாளர் எங்கிள், கடந்த அசைவுகளை வைத்து அடுத்த நாள் ஆட்டத்தைக் கணிக்கும் ஆர்ச் மாடலை இதற்குக் கொடுத்தார், 1986இல் போலர்ஸ்லெவ் அதை கார்ச் ஆக விரித்தார்.

கார்ச்சை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், பங்குச் சந்தையில் வழக்கமாகக் கிடைப்பவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்.

```
நாளைய வேரியன்ஸ் = 0.02
  + 0.08 × (இன்றைய ரிட்டர்ன்)²
  + 0.90 × (இன்றைக்குக் கணித்திருந்த வேரியன்ஸ்)
```

சந்தை தினமும் சராசரியாக 1% ஆடிக்கொண்டிருந்தது, அதன் வர்க்கமான வேரியன்ஸ் 1. திடீரென்று ஒரு நாள் 5% சரிவு. வர்க்கம் 25. நாளைக்கு 0.02 + 2 + 0.90 = 2.92. வர்க்கமூலம் எடுத்தால் 1.71%. கடந்த 250 நாட்களுக்கு வெறும் திட்ட விலக்கம் போட்டால் என்ன வரும்? சுமார் 1.05%. அந்த ஒரு நாள் 250இல் ஒரு பங்காகக் கரைந்துவிடுகிறது. எல்லை அசையாமல் நிற்க, அடுத்தடுத்த நாட்கள் அதைத் தாண்டிக்கொண்டே போகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: 251ஆம் நாள் அந்தச் சரிவு கணக்கிலிருந்து வெளியேறும்போது, சந்தையில் ஒன்றுமே நடக்காமல் ரிஸ்க் 'குறையும்'.

கார்ச்சில் அப்படி விளிம்பு கிடையாது. 0.08ஐயும் 0.90ஐயும் கூட்டினால் 0.98. அதாவது, இயல்புக்கு மேல் ஏறிய வேரியன்ஸ் நாளுக்கு 2% வீதம் வடியும் என்பது எதிர்பார்ப்பு. பாதியாக 34 வணிக நாட்கள் பிடிக்கும்.

சரி, இது எங்கே சறுக்கும்? 5% ஏற்றமும் 5% சரிவும் இதற்கு ஒன்றே. பங்குகளில் சரிவுதான் அதிகம் கலக்கும், அதற்கு ஜிஜேஆர் போன்ற வகைகள் உண்டு. அப்புறம், நாளை மறுநாள் ஒரு பெரிய அறிவிப்பு வரப்போகிறது என்பது இதற்குத் தெரியாது. முதல் அடியை வாங்கிய பிறகுதான் விழிக்கும். கூட்டுத்தொகை 0.999 என்று வந்தால் நான் முதலில் தரவைத்தான் சந்தேகிப்பேன். நடுவில் சந்தையின் இயல்பே மாறியிருக்க, இரண்டு காலங்களை ஒன்றாக ஒட்டியிருக்கலாம்.

மாடல் பொருந்தியதா என்று பார்க்க, ஒவ்வொரு நாள் ரிட்டர்னையும் அன்றைக்குக் கணித்த ஏற்ற இறக்கத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, பழைய ஒப்பீட்டையே மறுபடி செய்கிறேன். அதிலும் தொடர்பு மிச்சமிருந்தால் கொத்து இன்னும் கலையவில்லை.