விலையை எழுதலாமா, வேண்டாமா? பழைய பதிவுகளின் கணக்கு

திண்டுக்கல் பக்கம் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சின்னக் கடையை மனதில் வைத்துக்கொள்வோம். கடைக்காரம்மா இன்ஸ்டாகிராமில் வாரம் இரண்டு பதிவு போடுகிறார். சிலவற்றில் முதல் வரியிலேயே விலையை எழுதுகிறார், சிலவற்றில் ‘விலைக்கு மெசேஜ் பண்ணுங்க’ என்று விட்டுவிடுகிறார். இரண்டில் எந்தப் பழக்கத்தைத் தொடர்வது? விடை பழைய பதிவுகளின் எண்களில் இருக்கிறது. ஆனால் அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் தவறான முடிவுக்கே போவோம். (கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.)

முதலில், எதை எண்ணுவது? விலை எழுதாத பதிவில் ‘எவ்வளவு?’ என்ற கமெண்ட்கள் குவியும். அவை விருப்பத்தால் வந்தவை அல்ல, நாம் தகவலை மறைத்ததால் வந்தவை. விலை எழுதிய பதிவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கமெண்ட்களை எண்ணினால், விலையை மறைப்பது எப்போதும் ஜெயித்ததாகவே தெரியும். ஆகவே ‘இந்தக் கலர் இருக்கா’, ‘எடுத்து வையுங்க’ போன்ற வாங்கும் எண்ணமுள்ள செய்திகளை மட்டும் வாட்ஸ்அப்பிலிருந்து எண்ண வேண்டும். பிறகு அதை ரீச்சால், அதாவது பதிவைப் பார்த்த கணக்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 2,000 பேர் பார்த்ததில் 10 விசாரிப்பு என்றால் ஆயிரத்துக்கு 5. 500 பேர் பார்த்ததில் 4 என்றால் ஆயிரத்துக்கு 8. இரண்டாவதுதான் மேல்.

விலை இல்லாத ஐந்து பதிவுகளுக்கு இப்படிக் கிடைத்தவை 3, 4, 4, 5, 34. விலை உள்ள ஐந்துக்கு 5, 6, 7, 8, 9. சராசரி எடுத்தால் விலை இல்லாதவற்றுக்கு 10, உள்ளவற்றுக்கு 7. விலையை மறைப்பதே நல்லது போலத் தோன்றும். ஆனால் அந்த 34 பொங்கலுக்கு முந்தைய வாரம் வந்தது. அது சீசனின் வேலை, வாசகத்தின் வேலை அல்ல. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள்: விலை இல்லாதவற்றுக்கு 4, உள்ளவற்றுக்கு 7. இதுதான் இடைநிலை அளவு. ஒரே ஒரு பதிவு எகிறினாலும் இது பெரிதாக அசையாது. பதிவுகள் குறைவாக உள்ள கடைக்குச் சராசரியைவிட இதையே நான் நம்புவேன்.

இத்தோடு முடியவில்லை. விலை குறைவான புடவைகளுக்கு மட்டும் அவர் விலையை எழுதியிருந்தால்? அப்போது மலிவு செய்த வேலையை வாசகத்தின் பேரில் எழுதிவிடுவோம். இதற்கு மாற்று, ஜோடி சேர்ப்பது. ஒரே மாதிரிப் புடவை, ஏறக்குறைய ஒரே விலை, ஒரே கிழமை, பண்டிகை இல்லாத வாரம்: இப்படி ஒத்துப்போகும் இரண்டு பதிவுகளை, ஒன்று விலையோடு, ஒன்று விலையில்லாமல், பக்கத்தில் வைத்து எது ஜெயித்தது என்று மட்டும் குறிக்க வேண்டும்.

எட்டு ஜோடியில் ஏழில் விலை உள்ளது ஜெயித்தது என்று வைப்போம். வாசகத்தால் எந்த வித்தியாசமும் இல்லையென்றால், ஒவ்வொரு ஜோடியும் நாணயம் சுண்டுவது மாதிரிதான். எட்டு முறை சுண்டினால் 256 விதமாக விழலாம். அவற்றில் ஏழு அல்லது எட்டு பூ விழுபவை 9 மட்டுமே, அதாவது நூற்றில் மூன்றரை. தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாது. அதே கடையில் ‘அக்காமார்களே’ என்று தொடங்கும் பதிவுகள் எட்டில் ஐந்தில் ஜெயித்திருந்தால்? ஐந்தும் அதற்கு மேலும் விழுவதற்கு 93 வழிகள், நூற்றில் 36. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எமோஜி, கேள்வியில் தொடங்குவது, ‘கடைசி 3 பீஸ்’ என்று பத்துப் பழக்கங்களை இதே கணக்கில் போட்டுத் தேடினால், எதற்குமே பலன் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்றாவது எட்டுக்கு ஏழு எடுக்க சுமார் நூற்றில் 30 வாய்ப்பு உண்டு. தேடிப் பிடித்த வெற்றியைப் பழைய எண்களே உறுதிசெய்ய முடியாது.

அதனால் ஜெயித்த ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த எட்டு ஜோடிகளில் சோதிக்க வேண்டும். எந்தப் புடவைக்கு விலை எழுதுவது என்பதை நாம் முடிவு செய்யாமல், நிஜமாகவே நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். நமக்குப் பிடித்த புடவைக்கு நம்மை அறியாமல் சலுகை தருவது அப்போது நின்றுவிடும். ஒவ்வொரு பதிவையும் போட்ட ஏழாம் நாள் எண்ண வேண்டும், பழைய பதிவுக்குக் கூடுதல் நாள் கிடைத்துவிடக் கூடாது. மறுபடியும் ஆறு, ஏழு வந்தால் விலை எழுதுவதைத் தொடரலாம். நான்கு வந்தால், முன்பு பார்த்தது அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று, இது சுங்குடிக்குக் கிடைத்த விடை. அதே கடை நாளை பட்டுப்புடவை விற்கத் தொடங்கினால், அதற்குத் தனியாக எட்டு ஜோடி வேண்டும்.