“விதி எண் 7-ஐ மீறினீர்கள்” என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

போன மாதம் ஒரு சாயப்பட்டறையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெமோ வந்தது. “சார், கொஞ்சம் பார்த்துட்டு ஓகே சொல்லுங்க, இன்னைக்கே கொடுக்கணும்” என்று அங்குள்ள பர்சனல் ஆபீசர் கேட்டிருந்தார். மெமோ இதுதான்:

“தாங்கள் 12ஆம் தேதி காலைப் பணியின்போது உரிய அனுமதி பெறாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியது, நிறுவனத்தின் பாதுகாப்பு விதி எண் 7-ஐ மீறிய செயலாகும். இனிமேல் இவ்வாறு நடந்தால் தங்கள் மீது கடும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்று எச்சரிக்கப்படுகிறது.”

இதே மெமோவை எத்தனை ஆலைகளில் பார்த்துவிட்டேன் என்று கணக்கே இல்லை. தேதியையும் விதி எண்ணையும் மாற்றினால் தாமதமாக வந்தவருக்கும் இதையே கொடுக்கலாம், யூனிஃபார்ம் போடாதவருக்கும் கொடுக்கலாம். இறங்கியதால் அந்த ஆளுக்கு என்ன ஆகியிருக்கக்கூடும் என்று ஒரு வரி இல்லை. விதியை மீறினால் என்ன ஆகும் என்று கேட்டால், அதில் இருக்கும் ஒரே பதில் “நடவடிக்கை” என்பதுதான். இதைப் படிக்கும் தொழிலாளி, அடுத்த முறை யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து இறங்குவார். வேறென்ன கற்றுக்கொள்ள முடியும் இதிலிருந்து?

நடந்ததைக் கேட்டு வாங்கினேன். பட்டறையின் கழிவுநீர் சேரும் தொட்டி, 12 அடி ஆழம். அடியில் ஒரு முழ உயரத்துக்குச் சகதி. பம்ப் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் துணிக் கழிவு அடைத்துத் தண்ணீர் ஏறவில்லை. தொட்டிக்குள் இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் 10 மணிக்குத்தான் வருவார். காலை 7 மணிக்கு ஹெல்பர் ஒருவர் இரும்பு ஏணியில் இறங்கி, சகதிக்குள் கைவிட்டு அடைப்பை எடுத்து, நாலைந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டார். பம்ப் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. கேமராவில் பார்த்த யாரோ சொல்லித்தான் மெமோ வரை வந்திருக்கிறது.

ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் அந்த மெமோவும் அப்படி உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

சாயப்பட்டறைத் தண்ணீரில் கிளாபர் உப்பு ஏராளமாக இருக்கும். அது சோடியம் சல்ஃபேட். காற்று போகாமல் தேங்கி நிற்கும் சகதியில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தச் சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கக்கும். சல்ஃபர் சாயம் ஓட்டும் பட்டறையாக இருந்தால் இன்னும் மோசம். அங்கே சல்ஃபைடு நேராகவே தண்ணீரில் வரும், கூடவே யாராவது அமிலம் ஊற்றிவிட்டால் வாயு குபீரென்று கிளம்பும். வாயு சகதிக்குள் குமிழாக அடைபட்டுக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் தொட்டி சாதுவாகத் தெரியும். கையை விட்டுக் கிளறும்போதுதான் மொத்தமும் வெளியே வரும், அதுவும் குனிந்திருக்கும் முகத்துக்கு நேராக.

இனி, எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். “நாத்தம் வந்தா தெரிஞ்சிடும் சார், உடனே மேலே வந்துடுவோம்.” இதைத் தொழிலாளி சொன்னால் பொறுத்துக்கொள்வேன். இருபது வருட சர்வீஸ் போட்ட சூப்பர்வைசர்கள் சொல்கிறார்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு துளியளவு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட, அதாவது ஒரு பிபிஎம்கூட இல்லாதபோதே மூக்கு பிடித்துவிடும். அதுவரை மூக்கு நல்ல காவலாளிதான். ஆனால் அளவு 100 பங்கை நெருங்கினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் போய்விடும், வாயு அப்படியே இருக்கும். 500-ஐத் தாண்டினால் ஆள் நினைவிழந்து விழலாம். 1000 அளவில் இரண்டொரு மூச்சிலேயே சுருண்டுவிடுவார். அதாவது கொஞ்சம் இருக்கும்போது கூச்சல் போடும் மூக்கு, கொல்லும் அளவுக்கு இருக்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. தொட்டிக்குள் “இப்போ நாத்தம் இல்லையே” என்று ஒருவர் நினைக்கிறார் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: உண்மையிலேயே வாயு இல்லை, அல்லது ஏகமாக இருக்கிறது. எது என்று மூக்கால் சொல்ல முடியாது.

கிணற்றில் தூர் வாரும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் சிலர் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அவ்வளவுதான். ஆளை வீழ்த்தும் 500 பங்கு என்பது காற்றில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கெல்லாம் விளக்கு அசையக்கூட அசையாது. தொட்டியில் மீத்தேன் இருந்தால் அதே விளக்கு தொட்டியையே வெடிக்க வைக்கும். தயவுசெய்து அதைக் கிணற்றோடு விட்டுவிடுங்கள். இன்றைக்குக் கிணற்றுக்கும் வேண்டாம்.

சரி, மெமோவுக்கு வருவோம். நான் மாற்றி எழுதிக் கொடுத்தது இது:

“12ஆம் தேதி காலை சுமார் 7 மணிக்கு, காற்று சோதிக்கப்படாத நிலையில், பெல்ட்டும் கயிறும் இல்லாமல், மேலே காவலுக்கு ஆள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சகதியைக் கிளறினீர்கள். அந்தச் சகதியில் விஷவாயு அடைபட்டிருக்கும். கிளறினால் வெளிவரும். அளவு அதிகமானால் நாற்றமே தெரியாமல் ஒரு நிமிடத்துக்குள் மயக்கம் வரும். 12 அடி ஆழத்தில் மயங்கி விழுந்தால் சகதியில் முகம் புதையும். உங்களைக் காப்பாற்ற உடனே இறங்கும் உங்கள் நண்பருக்கும் அதே நிலைதான். அன்று ஒன்றும் நடக்காததற்கு அன்றைக்கு வாயு குறைவாக இருந்ததே காரணமாக இருக்கலாம். நாளை எவ்வளவு இருக்கும் என்று வாயு மீட்டர் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே யார் சொன்னாலும், எவ்வளவு அவசரமானாலும், மீட்டர் சோதனையும் பெர்மிட்டும் இல்லாமல் இறங்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்ததற்காக உங்கள் மீது நடவடிக்கை இருக்காது. மீண்டும் இறங்கினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.”

“இவ்வளவு நீளமா சார்? அதுவும் கடைசியில் உரிமை அது இதுன்னு...” என்று இழுத்தார் பர்சனல் ஆபீசர். அந்த வரியை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். தொட்டிக்குள் பாதிப் பேர் இறங்குவது துணிச்சலால் அல்ல, “சீக்கிரம் முடிப்பா” என்ற ஒரு சொல்லால்தான்.

இதில் சட்டப்படி குறையும் இல்லை. தேதி, நேரம், இடம், செய்த செயல் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. “விதி 7” என்று மட்டும் எழுதிய மெமோவைவிட இது விசாரணையில் நன்றாகவே நிற்கும். முதலில் விளக்கம் கேட்டு, பதில் வாங்கி, பிறகே எச்சரிக்கை கொடுங்கள். “பெற்றுக்கொண்டேன்” என்று போடும் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்ட கையெழுத்து அல்ல என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்கவே பயப்படுவார். மெமோ அவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குத் தமிழில் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்கும் கூத்தும் நடக்கிறது. படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள், தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று காட்டினால் இன்னும் நல்லது.

விளக்கக் கடிதம் என்றால் எங்கும் ஒரே வாசகம்தான். கோடு போட்ட தாளில், “தெரியாமல் செய்துவிட்டேன், இனி இவ்வாறு நடக்காது, மன்னிக்கவும்.” ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார். இந்த ஹெல்பரும் முதலில் அதைத்தான் கொடுத்திருந்தார். புது மெமோவைப் படித்துக் காட்டியபோது மட்டும், நாற்றம் பற்றிய வரியில் நிறுத்தச் சொன்னார்.

“சார், அன்னைக்கு இறங்கும்போது நாத்தம் குடலைப் புரட்டுச்சு. கீழே போனதும் நின்னுடுச்சு. பழகிடுச்சுன்னு நினைச்சேன்.”

பழகியதாகவும் இருக்கலாம். நாற்றம் எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகும். மரத்துப்போனதாகவும் இருக்கலாம். அன்று தலைவலித்ததா என்று கேட்டேன். மத்தியானம் வரை தலை பாரமாக இருந்தது, கண்ணும் எரிந்தது, வெயில் என்று நினைத்தாராம். பழைய மெமோவைக் கொடுத்திருந்தால் இந்தத் தகவல் யாருக்கும் வந்திருக்காது.

இறங்கியே ஆக வேண்டிய வேலைக்கு, சுருக்கமாக. முந்தின நாளே தண்ணீரை இறைத்து, பம்ப் சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கையில் வையுங்கள். காற்றடிக்கும் குழாய் தொட்டியின் அடிவரை போகட்டும், வாய்க்குப் பக்கத்தில் விசிறி வைப்பது கண்துடைப்பு. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும். மீட்டரின் குழாயை மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் காற்று மீட்டர் வரை வந்துசேரும் நேரம் பொறுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் தொட்டாலோ யாரும் இறங்கக் கூடாது. கிளறுவதற்கு முன் எடுத்த ரீடிங் கிளறிய பிறகு செல்லாது, மீட்டர் இறங்குபவரின் சட்டையிலேயே இருக்க வேண்டும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் இரண்டும் வாயுவைத் தடுக்காது. உடம்புப் பட்டையில் கயிறு, கயிற்றின் மறுமுனை தொட்டி வாயின் மேல் நிறுத்திய முக்காலியின் வின்ச்சில், அதன் கைப்பிடியில் ஒருவர். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவே எழுத்துப்பூர்வச் சான்று வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்கருவி, பெல்ட், கயிறு, கயிற்றைப் பிடிக்க வெளியே ஆள் வேண்டும் என்று சொன்னது. கீழே ஆள் விழுந்தால் மேலே இருப்பவர் இறங்கக் கூடாது, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

சூப்பர்வைசருக்கும் ஒரு மெமோ போனது, அதே வாயு விவரத்தோடு. பெர்மிட் போடும் அதிகாரம் காலை ஷிப்டில் யாரிடமும் இல்லை என்பது அவர் பதிலில்தான் வெளியே வந்தது. இப்போது ஷிப்டுக்கு ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அதிகாரம் தந்திருக்கிறார்கள். தொட்டி மூடிக்குப் பூட்டு போட்டாயிற்று. ஃபுட் வால்வுக் குழாயின் இணைப்பை மாற்றி, ஒரு சங்கிலியும் கப்பியும் பொருத்தியாகிவிட்டது. அடைத்தால் மேலே நின்றபடியே வால்வைத் தூக்கிச் சுத்தம் செய்துவிட்டு இறக்கலாம். பட்டறை ஃபிட்டர் ஒரு மத்தியானத்தில் முடித்த வேலை. யோசனை அந்த ஹெல்பருடையது.