சிவப்பு ஆச்சரியக்குறியை எவ்வளவு நம்பலாம்?

அவுட்லுக்கில் மெயில் எழுதும்போது சிவப்பு ஆச்சரியக்குறி ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கினால் மெயிலின் ஹெடரில், அதாவது சாதாரணமாகக் கண்ணில் படாத விவரப் பகுதியில், இந்த மாதிரி வரிகள் சேரும்:

```
Importance: High
X-Priority: 1
```

நடப்பது இவ்வளவுதான். இதனால் மெயில் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடாது. 1998-ல் வெளியான RFC 2156 என்ற மெயில் விதிமுறை ஆவணம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது: கொண்டுசேர்க்கும் வேகத்துக்கு `Priority` என்று தனி வரி உண்டு, `Importance` என்பது பெறுபவருக்கு அனுப்புநர் சொல்லும் குறிப்பு மட்டுமே. ஜிமெயிலில் தெரியும் மஞ்சள் குறி வேறு சங்கதி. நீங்கள் யாருக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள், எதைத் திறந்து படிக்கிறீர்கள், எதற்குப் பதில் போடுகிறீர்கள் என்பதைப் பார்த்து ஜிமெயில் தானாகப் போடுவது அது.

அந்தக் காலத்தில் அவசரத் தந்திக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. காசு கொடுக்க வேண்டியிருந்ததால் அனுப்புகிறவர் ஒருமுறை யோசிப்பார். சிவப்புக் குறிக்கோ காலணா செலவில்லை. அதனால் வரும் இடைஞ்சல் முழுவதும் படிக்கிறவர் தலையில். குறி போடாமல் விட்டால்தான் அனுப்புகிறவருக்குப் பயம். நாளைக்கு வேலை தாமதமாகிப் பிரச்சினை வந்தால், “நான்தான் அப்போதே முக்கியம் என்று போட்டிருந்தேனே” என்று காட்ட ஒரு சான்று வேண்டும். அலுவலகத்தில் நாலு பேர் இப்படித் தொடங்கிவிட்டால், குறியில்லாத மெயிலை மற்றவர்கள் ஒத்திப்போடுவார்கள். உடனே ஐந்தாமவரும் போட ஆரம்பிப்பார். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. அவரவர் நிலையில் அது நியாயமான முடிவுதான். போதாக்குறைக்கு, நிரல் எழுதியவர் ஒருமுறை சேர்த்துவிட்ட `X-Priority: 1` வரியோடு எல்லா அறிவிப்பையும் அனுப்பும் தானியங்கி மென்பொருள்களும் உண்டு.

அப்படியானால் குறியையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? அதுவும் தப்பு. குறி ஒன்றுதான் என்றாலும், அதன் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் உங்களுக்குத் தலா 100 மெயில் அனுப்புகிறார்கள். இருவருடையதிலும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை 10 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 90 மெயிலுக்குக் குறி போடுகிறார். உண்மையில் அவசரமான பத்தில் ஒன்பது அதற்குள் இருக்கின்றன. 90-ல் 9 என்றால் 10 சதவீதம். குறியே இல்லாவிட்டாலும் அதே 10 சதவீதம்தானே? ஆக, அவர் போடும் குறி உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. இரண்டாமவர் 12 மெயிலுக்குத்தான் குறி போடுகிறார்; அவற்றிலும் ஒன்பது உண்மையாகவே அவசரம். 12-ல் 9 என்றால் 75 சதவீதம். கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கலாம்.

“முக்கியம் என்று குறியிட்டதெல்லாம் ஒரு ஃபோல்டருக்கு” என்று ஃபில்டர் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். முதலாமவரின் 90 மெயிலுக்கு நடுவே இரண்டாமவரின் 12 மெயிலும் புதைந்துபோகும். ஃபில்டரில் குறியை மட்டும் கேட்கக்கூடாது, அனுப்பியவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவுட்லுக்கின் ரூல்ஸில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாக வைக்கலாம். மெயிலைப் பிரிக்கும் விதிகளை எழுதப் பயன்படும் சீவ் என்ற மொழிக்குச் சர்வரில் வசதி இருந்தால் இப்படி எழுதலாம்:

```
require ["imap4flags"];
if allof (address :is "from" "accounts@example.org",
          header :is "importance" "high") {
  addflag "\\Flagged";
}
```

இது மெயிலை எங்கும் நகர்த்தாது. இன்பாக்ஸிலேயே வைத்து நட்சத்திரம் மட்டும் போடும். கணிப்பு தவறினாலும் மெயில் காணாமல் போகாது என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். யாரை இந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒருவர் குறியிட்டு அனுப்பிய கடைசி இருபது மெயிலை எடுத்து, மறுநாள் பார்த்திருந்தால் உண்மையில் ஏதாவது கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டாலே தெரிந்துவிடும். அப்படியே அவருடைய குறியில்லாத மெயில்களையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். அவசரமானவை அங்கேயும் நிறைய இருந்தால் அவர் குறியை நினைத்தபோது போடுகிறார் என்று அர்த்தம். அவர் விஷயத்தில் சப்ஜெக்ட் வரியில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

முன்பின் தெரியாதவர் போட்ட குறிக்கு இன்னும் கவனம் வேண்டும். பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் `X-MSMail-Priority` என்ற வரியோடு `X-MimeOLE` என்ற வரியையும் எழுதும். ஸ்பேம் அனுப்பும் மென்பொருள்கள் அதைப்போல் நடிக்கும்போது முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதைக் கோட்டை விட்டன. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத மெயிலுக்கு ஸ்பேமைப் பிடிக்கும் ஸ்பேம்அசாசின் மென்பொருள் `MISSING_MIMEOLE` என்ற விதியை வைத்தது இதனால்தான். நேர்மையான சில பழைய நிரல்களும் முதல் வரியை மட்டும் எழுதுவதுண்டு. ஆகவே அந்த விதி ஒன்றை மட்டும் வைத்து மெயிலை ஒதுக்கிவிட முடியாது. மற்ற அடையாளங்களோடு கூட்டி வரும் மொத்த மதிப்பெண்ணில் அதுவும் ஒரு பங்கு.