போகவும் இல்லை, திரும்பவும் இல்லை: நிலுவையில் நின்ற ஒரு எதீரியம் பரிவர்த்தனை

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை இரவு எதீரியம் வலையமைப்பின் நாணயமான ஈதரில் தன் வாலட்டில் இருந்த 0.35 முழுவதையும் நண்பன் ஒருவனுக்கு அனுப்பினான். தொகைக் கட்டத்தில் Max என்பதை அழுத்திவிட்டு, கட்டணம் குறைவாக இருக்கட்டும் என்று அதிகபட்சம் 8 க்வெய், டிப் 1 க்வெய் எனத் தானே எண்களைத் திருத்தி அமைத்திருந்தான். ஈதரின் நூறு கோடியில் ஒரு பங்குதான் க்வெய். இரண்டு மணி நேரம் கழித்தும் திரையில் Pending என்ற சொல் மாறவில்லை. வாலட் காட்டிய Speed up பொத்தானை அழுத்தியபோது பின்வரும் செய்தி வந்தது.

```
insufficient funds for gas * price + value
```

"மாமா, பணம் போகவும் இல்ல, திரும்பவும் இல்ல. வேகப்படுத்தலாம்னா காசு பத்தலங்குது. 0.35 முழுசா அங்கேயேதானே இருக்கு?" என்று தொலைபேசியில் கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. பணம் உண்மையிலேயே அவனுடைய முகவரியில்தான் இருந்தது, ஒரு துளியும் குறையவில்லை.

அந்தப் பரிவர்த்தனை எங்கே நின்றது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வாலட்டில் கையொப்பமிட்ட உத்தரவு நேராகப் பிளாக்செயினுக்குள் போய் விழுவதில்லை. வலையமைப்பை நடத்தும் நோடுகள் என்ற ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு அது பரப்பப்படுகிறது, ஒவ்வொரு நோடும் அதைத் தன் நினைவகத்தில் உள்ள மெம்பூல் என்ற காத்திருப்புத் தொகுப்பில் வைத்துக்கொள்கிறது. 12 விநாடிக்கு ஒருமுறை அமையும் பிளாக் என்ற பரிவர்த்தனைக் கட்டில் அது சேர்க்கப்படும் வரை கணக்கிலிருந்து எதுவும் கழிக்கப்படாது. ஊருக்கெல்லாம் பொதுவான ஒரே மெம்பூல் என்று எதுவும் கிடையாது. ஒரு நோடிடம் இருப்பது இன்னொன்றிடம் இல்லாமல் போகலாம்.

பிளாக்கில் சேர்வதற்கான விலையை 2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மேம்பாடு இரண்டாகப் பிரித்தது. ஒன்று, ஒவ்வொரு பிளாக்கிற்கும் நெறிமுறையே கணக்கிட்டு அறிவிக்கும் அடிப்படைக் கட்டணம். அது யாருக்கும் போய்ச் சேராமல் எரிக்கப்படுகிறது. மற்றொன்று, பிளாக்கை முன்மொழியும் வேலிடேட்டருக்கு நாம் கொடுக்கும் டிப். அனுப்புபவர் "இரண்டும் சேர்ந்து இதற்கு மேல் தரமாட்டேன்" என்ற உச்சவரம்பையும் டிப்பையும் குறிப்பிடுகிறார். அடிப்படைக் கட்டணம் அந்த உச்சவரம்பைத் தாண்டிவிட்டால், அந்தப் பரிவர்த்தனையை விதிப்படி எந்தப் பிளாக்கிலும் சேர்க்கவே முடியாது. யாரும் அதை நிராகரிக்கவில்லை, ஆனால் யாராலும் எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை என்பதே Pending என்ற சொல்லின் பொருள்.

பையன் அனுப்பிய கணத்தில் அடிப்படைக் கட்டணம் 6 க்வெய். எட்டு என்பது அப்போது தாராளமாகவே தெரிந்திருக்கும். ஆனால் ஒரு பிளாக் முழுவதும் நிரம்பினால் அடுத்த பிளாக்கின் அடிப்படைக் கட்டணம் 12.5 சதவீதம் ஏறுகிறது. ஆறு 6.75 ஆகும், பிறகு 7.59, பிறகு 8.54. அடுத்தடுத்து மூன்று பிளாக்குகள் நிரம்பினாலே, அதாவது 36 விநாடிகளிலேயே, அவனுடைய உச்சவரம்பு கடக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு முன்பிருந்த ஓரிரு பிளாக்குகளில் இடம் கிடைத்திருக்கலாமே என்றால், நெரிசலில் மற்றவர்கள் கூடுதல் டிப் தரும்போது 1 க்வெய்யை யாரும் சீண்டமாட்டார்கள். நான் பார்த்தபோது அடிப்படைக் கட்டணம் 20 க்வெய்யில் நின்றிருந்தது. தொடர்ந்து நிரம்பிய பதினொரு பிளாக்குகள் இருந்தால் இரண்டே கால் நிமிடத்திற்குள் ஆறிலிருந்து இருபதைத் தொட்டுவிடலாம். இறங்குவதோ அவ்வளவு விரைவாக நடப்பதில்லை. பிளாக் பாதி நிரம்பினால் கட்டணம் அப்படியே நிற்கும். நாற்பது சதவீதம் நிரம்பினால் இரண்டரை சதவீதம் மட்டுமே குறையும். விடியும் வரை காத்திருந்தால் தானாகவே சேர்ந்துவிடக்கூடும் என்பது உண்மைதான், ஆனால் அவனுடைய நண்பனுக்குப் பணம் அன்றிரவே தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நான்ஸ் என்ற எண்ணைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஒவ்வொரு முகவரியிலிருந்தும் வெளியேறும் பரிவர்த்தனைகளுக்குச் சுழியத்திலிருந்து தொடங்கும் வரிசை எண் உண்டு, இவனுடையது 41. காசோலைப் புத்தகத்தின் தாள் எண்ணைப் போன்றது என்று சொல்லலாம், ஆனால் இங்கே கண்டிப்பு அதிகம்: 41 பிளாக்கில் ஏறாமல் 42 ஏறாது, ஒரே எண்ணில் இரண்டு ஏறவும் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நானே இதை அறியாமல், சிக்கிய பரிவர்த்தனைக்குப் பின்னால் மூன்று மடங்கு கட்டணத்தில் புதிதாக ஒன்றை அனுப்பிவிட்டு, அதுவும் அசையாமல் நிற்பதைக் கண்டு விழித்தேன். பின்னால் நிற்பவர் எவ்வளவு கொடுத்தாலும் முன்னால் நிற்பவர் நகர வேண்டும்.

இந்தக் கண்டிப்பே தீர்வுக்கும் வழி செய்கிறது. பரப்பிவிட்ட உத்தரவைத் திரும்பப் பெற எதீரியத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் அதே 41 என்ற எண்ணில் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு உத்தரவில் கையொப்பமிட்டு அனுப்பினால், இரண்டில் ஒன்று மட்டுமே ஏற முடியும். இரண்டாவது உத்தரவில் பெறுநரும் தொகையும் பழையபடியே இருந்தால் அதற்குப் பெயர் வேகப்படுத்துதல். பெறுநராகத் தன் சொந்த முகவரியையும் தொகையாகச் சுழியத்தையும் வைத்தால் அதற்குப் பெயர் ரத்து. வாலட்டில் இரண்டு தனிப் பொத்தான்களாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது ஒரே வேலைதான். ஒரு பரிவர்த்தனைக்கான கணினி வேலையை அளக்கும் அலகு கேஸ்; க்வெய்யில் சொல்லும் விலை ஒவ்வொரு கேஸுக்கும் உரியது. ரத்து செய்வதற்கும் 21,000 கேஸ் அளவுக்குக் கட்டணம் உண்டு என்பது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. அதுவும் பிளாக்கில் இடம் பிடிக்கும் ஒரு முழுப் பரிவர்த்தனை என்பதால் வேறு வழியில்லை.

பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ள நோடுகள் ஒரு நிபந்தனை விதிக்கின்றன. பரவலாகப் பயன்படும் கெத் மென்பொருளின் இயல்பான அமைப்பில், உச்சவரம்பு, டிப் ஆகிய இரண்டுமே குறைந்தது பத்து சதவீதம் உயர்ந்திருக்க வேண்டும். உச்சவரம்பை முப்பதாக்கிவிட்டு டிப்பை 1 க்வெய்யிலேயே விட்டுவிட்டால் `replacement transaction underpriced` என்ற பதிலோடு அது திரும்பிவிடும். பிளாக்கில் ஏறினால்தான் கட்டணம் என்பதால், இப்படி ஒரு தடை இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரே பரிவர்த்தனையை நுண்ணிய வேறுபாட்டோடு ஆயிரம் முறை பரப்பி வலையமைப்பைத் திணறடிக்கலாம். பத்து சதவீதம் என்பது பழையதை மாற்றுவதற்கான வாயில் மட்டுமே, பிளாக்கில் ஏறுவதற்கான விலை அன்று. எட்டை 8.8 ஆக்கினால் நோடு ஏற்றுக்கொள்ளும், ஆனால் அடிப்படைக் கட்டணம் இருபதாக இருக்கும்போது புதியதும் பழையதைப் போலவே சிக்கி நிற்கும். Speed up பொத்தானை நம்பி நான்கைந்து முறை அழுத்தி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைக் கவனிப்பதில்லை.

இனி பையனின் கணக்குக்கு வருவோம். ஓர் எளிய ஈதர் அனுப்புதலுக்கு 21,000 கேஸ் செலவாகும். 21,000 × 8 = 1,68,000 க்வெய், அதாவது 0.000168 ஈதர். Max அழுத்தியபோது வாலட் இந்தத் தொகையை மட்டும் விட்டுவைத்து, மீதி 0.349832 ஈதரை அனுப்பும் தொகையாக எழுதியது. ஒரு பரிவர்த்தனையை ஏற்கும் முன் நோடு, அனுப்பும் தொகையோடு உச்சவரம்பின்படி வரக்கூடிய முழுக் கட்டணத்தையும் கூட்டி, இருப்பு அதைத் தாங்குமா என்று பார்க்கும். ஆகவே தொகையை அப்படியே வைத்துக்கொண்டு உச்சவரம்பை எந்த அளவுக்கு உயர்த்தினாலும், 8.8 ஆக்கினாலும்கூட, கூட்டுத்தொகை 0.35ஐத் தாண்டிவிடுகிறது. முழுப் பணமும் இருந்தும் காசு போதவில்லை என்று திரை சொன்னதன் காரணம் இதுவே.

அவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ரத்து செய்தால் தொகை சுழியம் என்பதால் கட்டணத்திற்கு இடம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அதன்பின் 42ஆம் எண்ணில் மறுபடியும் அனுப்ப இரண்டாவது கட்டணம் கட்ட வேண்டும். அதைவிட, நான்ஸைக் கையால் திருத்த விடும் வாலட் கைவசம் இருந்தால், தொகையைச் சற்றுக் குறைத்து அதே 41இல் நண்பனுக்கே அனுப்பிவிடுவது மேல். அதைத்தான் செய்தோம்.

```
nonce: 41
value: 0.3494 ETH
gas: 21000
maxFeePerGas: 26 gwei
maxPriorityFeePerGas: 1.5 gwei
```

உச்சவரம்பை 26 என்று வைத்ததால் 26 முழுவதும் போய்விடாது. அடிப்படைக் கட்டணம் 20, டிப் 1.5, ஆக 21.5 க்வெய் மட்டுமே கழிக்கப்பட்டது, கட்டணம் 0.0004515 ஈதர். உச்சவரம்பைக் கஞ்சத்தனமாக வைப்பதால் மிச்சம் ஒன்றும் ஆவதில்லை என்பது என் கருத்து; செலவைத் தீர்மானிப்பது அடிப்படைக் கட்டணமும் டிப்பும்தான், உச்சவரம்பு என்பது திடீர் ஏற்றத்திற்கான பாதுகாப்பு இடைவெளி மட்டுமே.

புதியது ஏறும் வரை பழையது செத்துவிட்டதாகக் கருதக் கூடாது. மாற்றுப் பரிவர்த்தனை வந்துசேராத ஒரு நோடின் மெம்பூலில் பழையது இன்னும் இருக்கலாம்; அந்த இடைவெளியில் அடிப்படைக் கட்டணம் எட்டுக்குக் கீழே இறங்கினால் பழையதே ஏறிவிடவும் கூடும். அப்படி நடந்தால் புதியது `nonce too low` என்று தள்ளுபடியாகும். இரண்டு தடவை பணம் போகாது. நாள்கணக்கில் காத்திருந்து, நோடுகள் மறந்துவிட்டதால் வாலட்டிலிருந்து மறைந்துபோன பரிவர்த்தனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கையொப்பத்திற்குக் காலாவதித் தேதி கிடையாது. அதன் நகலை வைத்திருக்கும் யாரும் அதை மீண்டும் பரப்பலாம். 41ஆம் எண்ணை வேறொன்று பயன்படுத்திவிட்டால்தான் அது உண்மையில் செல்லாததாகிறது. வாலட்டின் செயல்பாட்டுப் பட்டியலை அழித்துவிடுவதால் இந்த நிலை எதுவும் மாறாது. அது திரையைத் துடைப்பதோடு சரி.

எங்களுடையது அடுத்த நிமிடத்திற்குள் ஏறியது. நண்பனோ பணம் வரவில்லை என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்; பையன் முதலில் அனுப்பியிருந்த ஹாஷை, அதாவது பரிவர்த்தனையின் அடையாளக் குறியைத்தான் அவன் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் எதீர்ஸ்கேன் தளத்தில் தேடிக்கொண்டிருந்தான். கட்டணமும் தொகையும் மாறிய உத்தரவுக்கு ஹாஷும் வேறு. பழைய பக்கத்தில் Dropped & Replaced என்று வந்திருந்ததை அவனைப் படிக்கச் சொல்லி, புதிய ஹாஷை அனுப்பினோம்.